மூணு நிற டீசர்ட்டை ஒரே பேரண்டுக்குக் கீழே கொண்டுவந்தால் ரிவ்யூ கூடும், ரேங்க்கும் கூடுமா?

நூல்மூட்டை | மார்ச் 3, இரவு 9.40

திருப்பூர்ல இருந்து எழுதறேனுங்க. ஆண்கள் ரவுண்ட் நெக் டீசர்ட், 180 ஜிஎஸ்எம் பயோ வாஷ், அமேசான் இந்தியால சொந்த பிராண்டுல விக்கிறோம். நேவி, கருப்பு, வெள்ளை. லிஸ்டிங் போட்டுக் கொடுத்த ஆள் நிறத்துக்கு ஒரு பேரண்ட்னு மூணு தனிப் பக்கமா போட்டுட்டார். ஒவ்வொண்ணுக்குக் கீழயும் எஸ்ல இருந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும் அஞ்சு சைஸ். ஆக 15 சைல்டு, மூணு வீடு.

நேவிக்கு 140 ரேட்டிங், 4.2. கருப்புக்கு 60, 4.1. வெள்ளைக்கு 35, அது 3.1ல கிடக்குது. பக்கத்து யூனிட் நண்பர் சொல்றார்: "எல்லாத்தையும் ஒரே பேரண்டுக்குக் கீழே போடு, ரிவ்யூ 235 ஆயிரும், மூணோட ரேங்க்கும் சேர்ந்து நீ மேல போயிருவே." ரிவ்யூ சேரும்னு தெரியும். ரேங்க் நெஜமாவே சேருமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

வேகவண்டி | மார்ச் 3, இரவு 10.05

சேரும் நண்பா. பேரண்ட் ஒண்ணுன்னா விற்பனை ஒண்ணு, விற்பனை ஒண்ணுன்னா ரேங்க் ஒண்ணு. பழசு எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு 15 சைல்டையும் புதுசா ஒரே பேரண்டுல ஏத்து. ஒரு மணி நேர வேலை.

மூணுக்கொரு_விலை | மார்ச் 3, இரவு 10.31

நானும் இதேதான் பண்ணப் போறேன். மூணு பீஸ் காம்போ போட்டா மூணுக்கும் ஒரே எஸ்கேயு போதும்தானே? பில்லிங்கில் எச்எஸ்என் எப்படிப் போடறீங்க?

ரங்கோலி_78 | மார்ச் 4, காலை 7.15

முதலில் அவசரமானது. நூல்மூட்டை, சைல்டை டெலீட் பண்ணாதீங்க. வேகவண்டி சொன்னபடி எல்லாத்தையும் துடைத்துவிட்டுப் புது பார்கோடு போட்டு ஏற்றினால் புது ஏசின் பிறக்கும், 140 ரேட்டிங் பழைய ஏசினோடு போய்விடும். ரிவ்யூ ஒட்டியிருப்பது சைல்டில். பேரண்டுக்கு விலை கிடையாது, ஸ்டாக் கிடையாது, பார்கோடும் தேவையில்லை. அதை யாரும் வாங்கவே முடியாது. பேரண்டைக் கலைத்தால் சைல்டுகள் அவரவர் ரிவ்யூவோடு தனியாக நிற்கும். வேறு பேரண்டில் சேர்த்தால் அதே ரிவ்யூவைக் கையோடு எடுத்துக்கொண்டு வரும். அதனால் இந்த வேலையில் பேரண்டை மட்டும்தான் தொட வேண்டும்.

மூணுக்கொரு_விலை, நீங்கள் கேட்பது வேறு விஷயம். காம்போவைத் தனி இழையாகப் போடுங்கள், இங்கே கலந்தால் இரண்டும் குழம்பும்.

ரேங்க் பற்றி மதியம் எழுதுகிறேன், இப்போது பேக்கிங் ஆள் வந்துவிட்டான்.

ரங்கோலி_78 | மார்ச் 4, மதியம் 2.50

ரேங்க் என்று நாம் ஒரே பெயரில் இரண்டு விஷயத்தைச் சொல்கிறோம்.

ஒன்று, பக்கத்தின் கீழே வரும் பெஸ்ட் செல்லர் எண். துணிப் பிரிவில் இது குடும்பம் முழுவதற்கும் ஒரே எண்ணாகத் தெரிவது உண்டு; வேறு பல பிரிவுகளில் சைல்டுக்குச் சைல்டு மாறும். உங்கள் பக்கத்தில் நேவி எம் திறந்து பாருங்கள், அப்புறம் நேவி எக்ஸ்எல். எண் ஒன்றேயென்றால் வேகவண்டி சொன்னது அந்த எண்ணைப் பொறுத்தவரை சரி.

இரண்டாவதுதான் காசு: தேடல் பக்கத்தில் எந்த இடத்தில் வருகிறோம் என்பது. இங்கே மூன்றும் கூடி ஒரே வலுவாவதில்லை. யாராவது நிறம் போடாமல் பொதுவாக டீசர்ட் என்று தேடினால் ஒரு குடும்பத்திலிருந்து பெரும்பாலும் ஒரு சைல்டுதான் முகம் காட்டும். இப்போது உங்கள் நேவி ஒரு இடத்திலும் கருப்பு இன்னொரு இடத்திலுமாக வந்துகொண்டிருந்தால், சேர்த்த பிறகு இரண்டு இடம் ஒன்றாகிவிடும். அந்த ஒரு இடத்தில் "235 ரேட்டிங்" என்று இருக்கும், கிளிக் கூடலாம். ஆனால் ஓர் இடம் போனது போனதுதான். கருப்பு என்று சேர்த்துத் தேடுபவருக்குக் கருப்புச் சைல்டுதான் வர வேண்டும். அதற்கு அந்தச் சைல்டின் தலைப்பும் நிறமும் சரியாக நிரம்பியிருக்க வேண்டும்.

விளம்பரம் மட்டும் தப்பிக்கும். ஸ்பான்சர்டு விளம்பரம் சைல்டு அளவில் ஓடுவது, எந்த நிறத்தை முன்னால் நிறுத்துவது என்பது உங்கள் கையில்.

வேகவண்டி | மார்ச் 4, மாலை 6.20

அக்கா, நான் சேர்த்தப்போ விற்பனை ஏறுச்சு. தியரி எல்லாம் தெரியாது, ஏறுச்சு.

ரங்கோலி_78 | மார்ச் 4, மாலை 6.48

ஏறியிருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த மாதம் சேர்த்தீர்கள்?

வேகவண்டி | மார்ச் 4, மாலை 6.52

தீபாவளிக்கு முந்தின வாரம் 😐

நூல்மூட்டை | மார்ச் 4, இரவு 11.10

சிரிச்சுட்டேன். அக்கா, நேவி எம், எக்ஸ்எல் ரெண்டுலயும் ஒரே எண்தான் காட்டுது. ஆனா "ஆண்கள் டீசர்ட்"னு தேடினா எங்களுது எதுவுமே முதல் பத்துப் பக்கத்துல இல்ல. ரெண்டு இடம் ஒண்ணாகும்னு கவலைப்பட எங்களுக்கு இடமே கிடையாது. நிறத்தோட, ஜிஎஸ்எம் போட்டுத் தேடினா மட்டும் நேவி மேல வருது.

அப்போ எனக்கு ரிவ்யூ சேர்றதுலதான் லாபம். கருப்பு 60லயே நிக்குது. அடுத்த மாசம் மெரூன், பாட்டில் கிரீன் வேற இறக்கறோம், அது ரெண்டும் பூஜ்யத்துல ஆரம்பிக்கும்.

ரங்கோலி_78 | மார்ச் 5, காலை 7.05

நீங்களே கணக்கைப் பிடித்துவிட்டீர்கள். சேர்ப்பதன் பெரிய பலன் புது நிறத்துக்குத்தான். மெரூன் கடைக்கு வரும் அன்றே குடும்பத்தின் நட்சத்திரத்தோடு நிற்கும். நேவிக்கு ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது, அதுதான் மற்றவர்களுக்குக் கொடுக்கப் போகிறது.

உங்கள் விஷயத்தில் சிக்கல் ஒன்று இருக்கிறது. இப்போதிருக்கும் மூன்று பேரண்டும் சைஸ் மட்டும் என்ற தீமில் இருக்கும். நேவி பேரண்டுக்குக் கீழேயே கருப்பை இழுத்து வைக்கலாமே என்று தோன்றும், நடக்காது. போட்ட தீம் நடுவில் மாறாது, ஒரு குடும்பத்தில் இரண்டு தீமும் இருக்க முடியாது. சைஸும் நிறமும் சேர்ந்த தீமில் புதுப் பேரண்ட் ஒன்று வேண்டும். இன்னொன்று, சைஸ் தீமில் போட்டவர்கள் நிறக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருப்பார்கள், ஏனென்றால் அப்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 15 சைல்டிலும் அது நிரம்ப வேண்டும்.

ஃபைல் இந்த மாதிரி வரும். டெம்ப்ளேட்டுக்கு டெம்ப்ளேட் கொஞ்சம் மாறும். தீம் பெயரை அதிலிருக்கும் பட்டியலில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எடுங்கள்.

```
SKU          | Listing Action                  | Parentage Level | Parent SKU | Variation Theme Name
RN180        | Create or Replace (Full Update) | Parent          |            | SIZE/COLOR
RN180-NVY-M  | Edit (Partial Update)           | Child           | RN180      | SIZE/COLOR
RN180-BLK-M  | Edit (Partial Update)           | Child           | RN180      | SIZE/COLOR
```

சைல்டு வரிசையில் `Edit (Partial Update)` தவிர வேறெதையும் தொடாதீர்கள். முழு அப்டேட் போட்டால் நீங்கள் காலியாக விட்ட கட்டமெல்லாம் "இதை அழி" என்று அர்த்தமாகிவிடும். புல்லட், விவரணை எல்லாம் போய் வெறும் தலைப்போடு நிற்கும் லிஸ்டிங்கை நான் பார்த்திருக்கிறேன்.

சில நேரம் பழைய பேரண்ட் பிடியை விடாது. அப்போது பழைய பேரண்ட் எஸ்கேயுவை மட்டும் `Delete` போட்டு, ஒரு நாள் விட்டு, மறுபடி மேலே உள்ள ஃபைலை ஏற்றுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இப்போதிருக்கும் லிஸ்டிங் ரிப்போர்ட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கரூர்_விரிப்பு | மார்ச் 5, காலை 11.30

நல்ல இழை. என் கதையையும் கேளுங்க. எங்களுது பெட்ஷீட். சிங்கிள், டபுள், கிங் மூணும் ஒரே பேரண்டுல நல்லா ஓடுது. போன மாசம் கம்ஃபர்ட்டர் ஒண்ணு இறக்கினோம், ரிவ்யூவே வரல. அதே பிரிண்ட், அதே நிறம்தான். அதை சைஸ் கட்டத்துல "கம்ஃபர்ட்டர்"னு போட்டு பெட்ஷீட் குடும்பத்துல நுழைச்சுட்டா 900 ரிவ்யூவும் அதுக்கும் வந்துரும்ல? எங்க ஏரியால ரெண்டு பேர் அப்படித்தான் பண்றாங்க.

ரங்கோலி_78 | மார்ச் 5, மதியம் 1.40

வரும். கொஞ்ச நாளைக்கு.

பெட்ஷீட்டின் ரிவ்யூவைப் படித்து ஒருவர் கம்ஃபர்ட்டர் வாங்குகிறார் என்றால் அவர் ஏமாந்துதான் வாங்குகிறார். அமேசானின் வேரியேஷன் விதி இதைத்தான் முதலில் தடுக்கிறது: சைல்டுகள் அடிப்படையில் ஒரே பொருளாக இருக்க வேண்டும், தீமில் சொன்ன அளவிலும் நிறத்திலும் மட்டும் மாறலாம். பிடிபட்டால் குடும்பத்தைப் பிரிப்பார்கள், லிஸ்டிங் போடும் உரிமையையே நிறுத்தவும் செய்வார்கள்.

அமெரிக்காவில் இது வழக்காகவே போனது. 2023 பிப்ரவரியில் அங்கே உள்ள வர்த்தக ஆணையம், எஃப்டிசி, பவுண்டிஃபுல் என்ற வைட்டமின் கம்பெனி மேல் நடவடிக்கை எடுத்தது. புதுச் சத்து மாத்திரைகளை, நன்றாக விற்றுக்கொண்டிருந்த வேறு மாத்திரைகளோடு வேரியேஷன் என்று கட்டி அதன் ரிவ்யூவையும் பெஸ்ட் செல்லர் பட்டையையும் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆறு லட்சம் டாலர் கட்டினார்கள். நீங்கள் செய்யப் போவதும் அதுவேதான், சரக்கு மட்டும் வேறு.

சோதனை ஒன்று சொல்கிறேன். பேரண்டின் தலைப்பை அளவும் நிறமும் இல்லாமல் எழுதுங்கள். ஒவ்வொரு சைல்டுக்கும் அந்தத் தலைப்பு பொருந்தினால் குடும்பம். "பருத்தி பெட்ஷீட்" என்ற தலைப்புக்குக் கீழே கம்ஃபர்ட்டர் எப்படி உட்காரும்?

கரூர்_விரிப்பு | மார்ச் 5, மதியம் 2.15

அப்போ சிங்கிள் பெட்ஷீட்டோட ஒரு தலையணை உறை, டபுளோட ரெண்டு வருது. அதுவும் தப்பா?

ரங்கோலி_78 | மார்ச் 5, மதியம் 2.20

அது தப்பில்லை. அந்த அளவுக்கு அதுதான் செட். ஆனால் சைஸ் கட்டத்திலோ புல்லட்டிலோ உறை எத்தனை என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் "ரெண்டு உறை வரலை" என்று சிங்கிள் வாங்கியவர் எழுதுகிற ஒற்றை நட்சத்திரம் கிங் வரைக்கும் பேசும்.

வெறும்_வாடிக்கையாளர் | மார்ச் 5, இரவு 8.00

நான் விக்கிறவன் இல்ல, வாங்கறவன். ரிவ்யூக்குக் கீழ நிறம், சைஸ் சின்னதா போட்டிருக்கும். நான் அதைப் பார்த்துத்தான் படிப்பேன். வெள்ளை வாங்கப் போனா வெள்ளை வாங்கினவங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் தேடுவேன். நீங்க என்ன சேர்த்தாலும் அது அங்க இருக்கத்தான் போகுது.

நூல்மூட்டை, உங்க வெள்ளைக்கு ஏன் 3.1?

நூல்மூட்டை | மார்ச் 5, இரவு 10.30

உள்ள போட்டிருக்கிற பனியன் தெரியுதாம். 180 ஜிஎஸ்எம்ல வெள்ளை அப்படித்தானுங்க இருக்கும், சாயம் ஏறின துணில தெரியாது. நூலும் ஒண்ணு, நிட்டிங்கும் ஒண்ணு. ரிட்டர்ன் வர்ற வெள்ளைல பாதிக்கு மேல "எதிர்பார்த்த மாதிரி இல்லை"ன்னு போட்டுத்தான் வருது.

இப்ப கணக்கு போட்டுப் பார்த்தேன். மூணையும் சேர்த்தா 235 ரேட்டிங்கும் சராசரி 4.0. வெள்ளையை வெளில விட்டா 200 ரேட்டிங், 4.17, அதாவது 4.2ன்னு காட்டும்.

வேகவண்டி | மார்ச் 5, இரவு 10.41

வெள்ளையைக் கழட்டி விடு. முடிஞ்சுது கதை.

ரங்கோலி_78 | மார்ச் 6, காலை 6.50

கணக்கு சரி, ஆனால் அமேசான் நேர் சராசரி போடுவதில்லை. எவ்வளவு பழசு, வாங்கினது உறுதியானதா என்றெல்லாம் பார்த்து எடை போடும். வெள்ளையின் ஒற்றை நட்சத்திரங்கள் சமீபத்தியவை என்றால் 4.0க்குக் கீழேயும் இறங்கலாம்.

வெள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். தனியாக 3.1ல் நிற்கும் வெள்ளையை யாரும் வாங்க மாட்டார்கள். சேர்த்தால் வெள்ளை விற்கும், நேவி கொஞ்சம் அடி வாங்கும், வெள்ளை விற்க விற்க இன்னும் ஒற்றை நட்சத்திரம் வரும், அது குடும்பக் கணக்கில் ஏறும். அதனால் எனக்கு 4.0ஐ விட, அது அங்கேயே நிற்குமா என்பதுதான் கேள்வி.

நூல்மூட்டை | மார்ச் 6, காலை 9.20

வெள்ளையை மட்டும் 220 ஜிஎஸ்எம்ல ஓட்டலாம்னு அப்பா சொல்றார். அதே பேட்டர்ன், அதே சைஸ் சார்ட். அப்ப உள்ள தெரியாது. விலை 40 ரூபா கூடும்.

ரங்கோலி_78 | மார்ச் 6, காலை 9.45

அப்பா சொல்வது துணிக்குச் சரி. லிஸ்டிங்குக்கு இரண்டு கேள்வி வரும். பழைய வெள்ளை ஏசினிலேயே 220ஐ அனுப்பினால் பக்கத்தில் 180 என்று எழுதியிருக்கிறது, துணி மாறிவிட்டது. அது புதுப் பொருள், புது ஏசின் வேண்டும். புது ஏசின் போட்டால் அதை 180 குடும்பத்தில் வைக்கலாமா? தலைப்பில் ஜிஎஸ்எம் இருந்தால் என் சோதனைப்படி வைக்கக் கூடாது. இல்லாவிட்டால்... எனக்கு வைக்கலாம் என்று தோன்றவில்லை.

கரூர்_விரிப்பு | மார்ச் 6, காலை 10.10

அக்கா இதுல ரொம்ப கட்டுப்பாடு. வெள்ளை கனமா இருக்கணும்னு துணிக்காரன் எவனும் சொல்வான். போட்டுக்கறவனுக்கு ஒரே டீசர்ட்தான். நான் வைப்பேன், புல்லட்டுல "வெள்ளை மட்டும் 220"ன்னு எழுதிருவேன்.

வெறும்_வாடிக்கையாளர் | மார்ச் 6, மதியம் 12.05

எழுதினா எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா வெயில் காலத்துல நேவி ரிவ்யூல "லேசா இருக்கு"ன்னு படிச்சுட்டு வெள்ளை வாங்கினேன்னா திட்டுவேன்.

நூல்மூட்டை | மார்ச் 9, இரவு 11.50

இப்போதைக்கு நேவியும் கருப்பும் மட்டும் ஏத்திட்டேன். ஃபைல் பிழை இல்லாம போச்சு. ஆனா பக்கத்தைத் திறந்தா நேவிக்கு ரெண்டு கட்டம்! ஒண்ணுல எஸ், எம், எல் எடுக்குது, எக்ஸ்எல்லும் டபுள் எக்ஸ்எல்லும் மங்கி நிக்குது. இன்னொண்ணுல நேர்மாறா. ஸ்டாக் எல்லாத்துலயும் இருக்கு.

ரங்கோலி_78 | மார்ச் 10, காலை 6.40

நிறக் கட்டத்தைப் பாருங்கள். மூன்றில் `Navy Blue`, இரண்டில் `Navy` என்று இருக்கும். எழுத்து மாறினால் அதற்கு அது வேறு நிறம்.

நூல்மூட்டை | மார்ச் 10, காலை 8.15

அப்படியேதான் இருந்துச்சு. அதோட கருப்புல ஒரு சைஸ் `X-Large`ன்னும் நேவில `XL`ன்னும் இருந்துச்சு, அதனால சைஸ் வரிசைலயும் ஒண்ணு கூடுதலா நின்னுச்சு. ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கி ஏத்தினேன்.

வெள்ளையைத் தேடிப் பார்த்தப்ப இன்னொண்ணு தெரிஞ்சுது. லிஸ்டிங் போட்டவர் வெள்ளையை மட்டும் உள்ளாடைப் பிரிவுல போட்டு வச்சிருக்கார்.

ரங்கோலி_78 | மார்ச் 10, காலை 8.40

அப்படியென்றால் இப்போதைக்கு விவாதமே தேவையில்லை. பேரண்டும் சைல்டும் ஒரே ப்ராடக்ட் டைப்பில் இருந்தால்தான் ஒட்டும். முதலில் அதைச் சரி செய்யாமல் வெள்ளை எந்தக் குடும்பத்துக்கும் போகாது. உள்ளாடை தேடி வந்தவர்கள் வாங்கிவிட்டு "டீசர்ட் மாதிரி இருக்கு" என்று திட்டியதும் அந்த 35ல் இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

வேகவண்டி | மார்ச் 10, காலை 9.00

அப்போ வெள்ளை தப்பான கல்யாணத்துக்குப் போய் சாப்பாடு சரியில்லைன்னு பேர் வாங்கிருக்கு 😂

நூல்மூட்டை | மார்ச் 18, இரவு 10.20

இப்ப ஒரே நேவி, ஒரே கருப்பு, பத்து சைல்டும் சரியா எடுக்குது. ரெண்டு பக்கத்துலயும் 200 ரேட்டிங், 4.2. பிசினஸ் ரிப்போர்ட்ல சைல்டு வாரியா பார்த்தேன்: கருப்புக்கு வர்ற பார்வை ஏறல, ஆனா வந்தவங்கள்ல வாங்கறவங்க கூடியிருக்காங்க. நேவில வித்தியாசம் தெரியல. "கருப்பு டீசர்ட் 180 ஜிஎஸ்எம்"னு வேற போன்ல தேடினா கருப்புதான் வருது, நேவி படம் வரல.

வெள்ளையோட 35ஐயும் படிச்சேன். அக்கா சொன்ன மாதிரி சிலது உள்ளாடைன்னு நினைச்சு வாங்கினவங்க எழுதினது. மிச்சமெல்லாம் உள்ள தெரியுதுங்கறதுதான்.

ரங்கோலி_78 | மார்ச் 19, காலை 7.00

பேரண்ட் வாரி ரிப்போர்ட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது, எல்லாம் ஒரே தொகையாக வரும். சைல்டு வாரியையே தொடர்ந்து பாருங்கள். ஆடித் தள்ளுபடி, ஆஃபர் நாள் எதுவும் நடுவில் வராமல் ஒரு மாதம் ஓடினால்தான் எதையாவது சொல்ல முடியும்.

மெரூனையும் பாட்டில் கிரீனையும் ஏற்றும்போது அதே `RN180` பேரண்டுக்குக் கீழே போடுங்கள், நிறப் பெயரை ஐந்து வரிசையிலும் காப்பி பண்ணியே ஒட்டுங்கள், தட்டாதீர்கள். ஒவ்வொரு சைல்டுக்கும் தனி பார்கோடு வேண்டும், ஐந்து ஐந்தாகப் பத்து.

கரூர்_விரிப்பு | மார்ச் 19, காலை 9.30

கம்ஃபர்ட்டரைத் தனியாவே போட்டுட்டேன். இன்னும் ரிவ்யூ ரெண்டுதான். வெள்ளை 220 என்ன ஆச்சு?

நூல்மூட்டை | மார்ச் 19, இரவு 10.45

துணி ஓடிட்டிருக்குங்க. அப்பா குடும்பத்துல போடுங்கறார், அக்கா வேண்டாம்ங்கறாங்க. மாதிரி பீஸ் வந்ததும் நேவியோட சேர்த்துத் தூக்கிப் பார்க்கறேன். கைக்கு வித்தியாசம் தெரிஞ்சா தனி.

வேகவண்டி | மார்ச் 19, இரவு 10.50

40 ஜிஎஸ்எம் கைக்குத் தெரியாம இருக்குமா? தனிதான்னு இப்பவே எழுதி வச்சுக்க.